யானை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை

போன மாதம் எழுதிய பதிவில், ஒன்றாம் வகுப்புக்கு நான் கையால் செய்த ஒரு பெரிய புத்தகத்தைப் பற்றி ஒரு வரி வந்தது. அதைப் படித்துவிட்டு இரண்டு மூன்று பேர், "அது என்ன புத்தகம், எப்படிச் செய்தீர்கள், பேரப்பிள்ளைகளுக்குச் செய்து தரலாமா?" என்று கேட்டிருந்தார்கள். ஒரு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

பெரிய புத்தகம் என்றால் பக்கம் நிறைய உள்ள புத்தகம் என்று நினைத்துவிட வேண்டாம். உருவத்தில் பெரியது. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கதைப் புத்தகம் வாசிக்கும்போது, பிள்ளையின் கண்ணும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். காதில் சொல் விழுகிற அதே நேரத்தில் கண்ணில் எழுத்து படும். வகுப்பில் முப்பது பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ள முடியுமா? அதனால் புத்தகத்தைப் பெரிதாக்கி, கடைசியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் எழுத்து தெரியும்படி செய்து, எல்லோரும் சேர்ந்து வாசிப்பது. இந்த யோசனையை ஒரு முறையாகவே வளர்த்தவர் நியூசிலாந்துக்காரரான டான் ஹோல்டவே. அவருடைய புத்தகம் 1979இல் வந்தது. அடுத்த ஆண்டே பிஜித் தீவில் கிராமப் பள்ளிகள் சிலவற்றில் இதை ஆங்கிலம் கற்பிக்கப் பயன்படுத்திப் பார்த்தார்கள். கரும்புத் தோட்டத்தில் வாடிய நம் பெண்களுக்காகப் பாரதியார் கண்ணீர் விட்டாரே, அதே பிஜி. வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் நடத்திய அந்தச் சோதனையில், கதைப் புத்தகங்களைச் சேர்ந்து வாசித்த பிள்ளைகள் வழக்கமான பாட முறையில் படித்தவர்களைவிட வெகுவாக முன்னேறியிருந்தார்கள். ஆனால் அவர்கள் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். என் கையில் இருந்தவர்கள் ஆறு வயதுக்காரர்கள். படிக்க வேண்டியதும் தமிழ். அங்கேதான் விஷயம் மாறுகிறது.

அய்யம்பாளையத்துப் பக்கம் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருதாநதிக்குக் கீழே தென்னந்தோப்பு, வாழை. மேலே ஏறினால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று காப்பித் தோட்டம். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் தோப்பு வேலைக்கும் காப்பிப் பழம் எடுக்கவும் போகிற வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் கதை உண்டு, பாட்டு உண்டு, விடுகதை உண்டு. புத்தகம் கிடையாது. எழுத்து என்பதை அவர்கள் பார்த்ததெல்லாம் பஸ்ஸின் நெற்றியிலும் கடைப் பலகையிலும்தான்.

அப்போது அனைவருக்கும் கல்வி இயக்கத்தில், கற்பிக்கும் பொருள்கள் செய்துகொள்ள ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆண்டுக்கு 500 ரூபாய் கொடுப்பார்கள். வட்டார வள மையப் பயிற்சியில் ஒரு நாள் எங்களைக் குழுவாகப் பிரித்து, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வாக்கியம் வரும்படி பெரிய புத்தகம் செய்யச் சொன்னார்கள். மாதிரிக்குக் காட்டியது ஓர் ஆங்கிலப் புத்தகம். அதைத் தமிழாக்கிப் பல குழுக்கள் எழுதியது இப்படி இருந்தது: "நான் ஆட்டைப் பார்த்தேன். நான் மாட்டைப் பார்த்தேன். நான் மயிலைப் பார்த்தேன்."

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணால் பாருங்கள். அவனுக்குத் தெரிந்த சொல் "ஆடு". பக்கத்தில் இருப்பது "ஆட்டை". "டு" போய்விட்டது, "ட்டை" வந்துவிட்டது. போதாக்குறைக்குக் கடைசியில் ஒரு "ப்" வேறு தொற்றிக்கொண்டிருக்கிறது. படத்துக்குக் கீழே எழுதியிருக்கும் சொல்லும் வாக்கியத்தில் வரும் சொல்லும் ஒன்றில்லை. ஆங்கிலத்தில் ஆட்டைக் குறிக்கும் சொல் வாக்கியத்தின் எந்த மூலையில் வந்தாலும் அப்படியே இருக்கும். தமிழில் வேற்றுமை உருபு ஏறினால் சொல்லின் உடம்பே மாறிவிடும். அதனால் நம் வாக்கியத்தில், மாறி மாறி வரும் சொல் எப்போதும் உருபு இல்லாமல் நிற்க வேண்டும். இது முதல் விதி.

இரண்டாவது விதி வினைச்சொல்லைப் பற்றியது. "பாட்டி வந்தார், மாமா வந்தார், ஆடு வந்தது, பிள்ளைகள் வந்தார்கள்" என்று எழுதினால் திரும்ப வர வேண்டிய சொல்லே திரும்ப வராது. எல்லாம் அஃறிணை ஒருமையாக இருந்தால் "வந்தது" என்ற ஒரே சொல் ஒரே உருவத்தில் பக்கத்துக்குப் பக்கம் வரும். அதனால் மனிதர்களை விட்டுவிட்டு, தோப்புக்கு வருகிற ஜீவன்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். இப்படி வந்ததுதான் என் புத்தகம். முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன், பெரிதொன்றும் இல்லை.

ஆடு வந்தது. என்ன கேட்டது? புல் கேட்டது.
மாடு வந்தது. என்ன கேட்டது? தவிடு கேட்டது.
நாய் வந்தது. என்ன கேட்டது? சோறு கேட்டது.
மயில் வந்தது. என்ன கேட்டது? பயறு கேட்டது.
அணில் வந்தது. என்ன கேட்டது? கொய்யா கேட்டது.
குரங்கு வந்தது. என்ன கேட்டது? பழம் கேட்டது.
யானை வந்தது. என்ன கேட்டது? ஒன்றும் கேட்கவில்லை. ஓடு! ஓடு! ஓடு!

மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு இதில் விளக்கம் சொல்ல வேண்டிய இடமே இல்லை. யானை இறங்கினால் கேட்டுக்கொண்டா வாழைக்குள் நுழையும்? முதல் நாளே அந்தப் பக்கத்துக்குச் சிரித்தார்கள்.

எண்ணிப் பார்த்தால் புத்தகத்தில் மொத்தம் 45 சொற்கள். அதில் 27 இடங்களில் வருவது "வந்தது", "என்ன", "கேட்டது" என்ற மூன்றே சொற்கள். பிள்ளை அந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் பாதிப் புத்தகத்துக்கு மேல் அவன் கையில் வந்துவிடும். மீதிச் சொற்களையும் கொஞ்சம் யோசித்துத்தான் எடுத்தேன். ஆடு, மாடு, தவிடு, ஓடு எல்லாம் "டு" என்று முடிகிறது. புல், மயில், அணில் "ல்" என்று முடிகிறது. சோறு, பயறு "று". மாடு, மயில் இரண்டும் "ம" வரிசையில் தொடங்குகின்றன. இவை ஏன் வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இனி செய்முறை. ஒரு சார்ட் தாளைக் குறுக்கே சரிபாதியாக வெட்டினால் ஏறக்குறைய 22 அங்குல அகலம், 14 அங்குல உயரம் உள்ள இரண்டு துண்டு கிடைக்கும். அதுதான் ஒரு பக்கம். மார்க்கர் பேனா மை சார்ட் தாளில் மறுபக்கம் ஊறிவிடும் என்பதால் இரண்டு துண்டை முதுகோடு முதுகு ஒட்டி ஒரு தாளாக்கினேன். ஏழு விலங்குக்கு ஏழு தாள். அதற்கு ஏழு சார்ட். ஒட்டுவதற்கு வீட்டில் காய்ச்சிய மைதாப் பசை. பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி வராமல் இருக்கப் பசையில் துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் தொட்டுவிட்டுக் கையை வாயில் வைக்கும் புத்தகத்துக்கு ஆகாது. பசை தடவிய தாளை வெயிலில் போட்டால் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே பலகை போட்டு, ஓர் இரவு கனம் வைத்தால் நேராக வரும்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பிள்ளைகள் அரைவட்டமாகத் தரையில் உட்கார்ந்தால் கடைசிப் பிள்ளை பத்து அடிக்குள் இருப்பான். அந்தத் தூரத்துக்கு எழுத்தின் உடம்பு மட்டும் ஒன்றரை அங்குலம் வேண்டும். "உடம்பு மட்டும்" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழில் புள்ளியும் "வி"யின் கொம்பும் மேலே போகும். "து", "டு", "பு"வின் வால் கீழே இறங்கும். பென்சிலால் கோடு போடும்போது மேலே ஓர் அங்குலம், கீழே ஓர் அங்குலம் விட்டே போட வேண்டும். இல்லாவிட்டால் மேல் வரியின் "து" கீழ் வரியின் புள்ளியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. வரியில் சொல் அடங்காவிட்டால் முழுச் சொல்லாகக் கீழே இறக்க வேண்டும். "ஒன்றும்" மேல் வரி, "கேட்கவில்லை" கீழ் வரி என்று யானைப் பக்கத்தை அப்படித்தான் எழுதினேன். "கேட்க" ஒரு வரியிலும் "வில்லை" அடுத்த வரியிலும் போனால் பிள்ளைக்கு அது இரண்டு சொல்.

எழுத்து எல்லாமே கறுப்பு. அழகுக்காக "வந்தது" சிவப்பு, "கேட்டது" பச்சை என்று எழுதுகிறவர்கள் உண்டு. பிள்ளை கெட்டிக்காரன். எழுத்தைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். படத்துக்கு வேண்டிய மட்டும் வண்ணம் கொடுக்கலாம்; அதற்கு க்ரேயான் போதும், அது ஊறாது. பக்கத்துக்கு பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் ஓரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாது.

தாளின் முன்பக்கம் விலங்கும் கேள்வியும். புரட்டினால் பின்பக்கம் பதில். "என்ன கேட்டது?" என்று நிறுத்திவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிற அந்த இரண்டு வினாடிதான் பிள்ளைகள் யோசிக்கிற நேரம். ஒரு சிக்கல், பதில் தெரியும்போதே அடுத்த விலங்கும் வலப்பக்கத்தில் வந்து நிற்கும். எல்லாக் கண்ணும் அங்கே ஓடிவிடும். அதற்கு ஒரு பழுப்புத் தாளை கிளிப் போட்டு வலப்பக்கத்தை மூடிவைப்பேன். காலண்டர் மாதிரி மேலே கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் புத்தகம் எந்தப் பக்கம் திறக்கும், எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதும் அந்தப் பிள்ளைகள் கற்க வேண்டிய பாடம்தான். அதனால் இடப்பக்கத்திலேயே மூன்று துளை போட்டேன். துளையைச் சுற்றிப் பழைய வேட்டித் துணியை ஒட்டி, அட்டைப்பெட்டி அட்டையை மேலும் கீழும் வைத்து, ஷூ கயிற்றால் தளர்வாகக் கட்டினேன். இறுக்கிக் கட்டினால் பக்கம் படியாது, கிழியும்.

செய்து முடித்த அன்று, பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஒரு பெரியவர் யானைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், எங்க காலத்துல யானைன்னு எழுதுனா எழுத்துலயே தும்பிக்கை இருக்கும். இப்ப அத வெட்டிட்டாங்களே" என்றார். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை "னை"யையும் "லை"யையும் வளைந்த தும்பிக்கை போட்டுத்தானே எழுதினோம். அவருக்குப் பழைய எழுத்துதான் பழக்கம். ஆனாலும் அன்றைக்கு உட்கார்ந்து முழுப் புத்தகத்தையும் பேத்திக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்தார்.

இனி வாசிக்கும் விதம். ஒரு புத்தகத்துக்கு ஒரு வாரம், ஒரு நாளைக்குக் கால் மணி நேரம். அதற்கு மேல் இழுத்தால் பின்வரிசையில் சண்டை தொடங்கிவிடும். நாற்காலியில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, நான் பக்கத்தில் ஒதுங்கி உட்காருவேன். சுட்டுவதற்கு ஒரு தென்னை ஈர்க்கு. நம் ஊரில் அதற்கா பஞ்சம்? கையால் சுட்டினால் உள்ளங்கை பாதி வரியை மறைத்துவிடும். தடித்த குச்சி எழுத்தை மறைக்கும். ஈர்க்கு மறைக்காது. அதையும் எழுத்தின் மேலே வைக்காமல் கீழே வைத்து, சொல்லின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாயோடு சேர்த்து நகர்த்த வேண்டும்.

முதல் நாள் நிறுத்தாமல், விளக்காமல் கதையாக வாசிப்பேன். இரண்டாம் நாள் "என்ன கேட்டது?" என்பதைப் பிள்ளைகள் சொல்வார்கள், நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மூன்றாம் நாளில்தான் வேலை ஆரம்பம். ஒரு சொல்லைத் தாளால் மூடிவிட்டு, முதல் எழுத்தை மட்டும் திறப்பேன். படத்தையும் மூடிவிடுவேன். "ம" தெரிகிறது. "மாடு டீச்சர்!" என்று ஒரு கூட்டம். தாளை இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் "ய". "மாடா? மாடுன்னா 'ம'வுக்குப் பக்கத்துல என்ன இருக்கும்?" என்று கேட்டால், யாராவது ஒருவன், "கால் இருக்கணும் டீச்சர், இங்க கால் இல்ல. இது மயில்" என்பான். மாட்டையும் மயிலையும் ஒரே புத்தகத்தில் சேர்த்தது இதற்குத்தான். நான்காம் நாள் "டு" வேட்டை, "ல்" வேட்டை. புத்தகத்தில் எங்கெங்கே "டு" இருக்கிறது என்று வந்து ஈர்க்கால் காட்ட வேண்டும். ஐந்தாம் நாள் பிள்ளைகளே ஆசிரியர். ஒருவன் ஈர்க்குப் பிடிப்பான், மற்றவர்கள் வாசிப்பார்கள்.

இந்த ஐந்தாம் நாளில்தான் யாருக்கு எழுத்து பிடிபட்டிருக்கிறது, யார் பாட்டாகப் பாடுகிறார்கள் என்பது வெளிச்சமாகும். மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளை "வ... ந்த... து" என்று ஒவ்வொரு அசைக்கும் ஈர்க்கை ஒரு சொல் தள்ளி வைப்பான். வாய் முதல் வரியிலேயே இருக்கும், ஈர்க்கு வரி முடிந்து சுவருக்குப் போய்விடும். வாசிக்கிற பிள்ளைக்கு வாயும் ஈர்க்கும் ஒரே இடத்தில் முடியும். இன்னொரு சோதனையும் உண்டு. "மயில் வந்தது" என்ற இடத்தில் "வந்தது" மேல் "நின்றது" என்று எழுதிய துண்டை யாருக்கும் தெரியாமல் ஒட்டிவைத்துவிடுவேன். பாடுகிறவர்கள் "வந்தது" என்று போய்க்கொண்டே இருப்பார்கள். பார்க்கிறவன் நிற்பான்.

"வந்தது" என்று எழுதியிருக்கும் இடத்தில் "வந்துச்சு" என்று வாசிக்கிற பிள்ளைகளும் உண்டு. அதைப் பிழை என்று அதட்டக் கூடாது. அவனுக்குப் பொருள் புரிந்திருக்கிறது, வீட்டுப் பேச்சில் சொல்கிறான். "நீ சொன்னது 'சு'ல முடியுது. இங்க கடைசியில என்ன எழுத்து இருக்கு பாரு" என்று ஈர்க்கை அங்கே வைத்தால் போதும். பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்பது தமிழ்ப் பிள்ளைக்கு ஆறு வயதில் வருகிற பெரிய புதிர். திட்டாமல் அவிழ்த்துவிட வேண்டும்.

அந்த வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். வாய் திறந்து பேசவே மாட்டாள். கார்த்திகை பிறந்ததும் அவள் அம்மா வந்து, "டீச்சர், மேல பழம் எடுக்கப் போறோம். சின்னவனப் பாத்துக்க ஆளில்ல, இவளயும் கூட்டிட்டுப் போறேன்" என்றார். "எப்பம்மா திரும்புவீங்க?" என்றால், "தை ஆயிரும் டீச்சர்" என்கிறார். இரண்டு மாதத்துக்கு மேல். அப்படிப் போய்த் திரும்பிய பிள்ளைகள் மற்றவர்கள் எங்கேயோ போய்விட்டதைப் பார்த்து மிரண்டு, அடுத்த வருஷம் மேலேயே தங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தம்பியைப் பார்த்துக்கொள்கிற அக்காவாகவே அவர்கள் வாழ்க்கை போய்விடும். வேண்டாம் என்று தடுக்க எனக்கு என்ன உரிமை? அந்த வருமானத்தில்தான் அவர்கள் வருஷத்தை ஓட்ட வேண்டும். பெரிய புத்தகத்தை அப்படியே ஒரு நோட்டில் சிறிதாக எழுதி, படம் போட்டு, அவள் பையில் வைத்து அனுப்பினேன். "தெனமும் ராத்திரி தம்பிக்கு வாசிச்சுக் காட்டணும்" என்று மட்டும் சொன்னேன்.

தை கடைசியில் வந்தாள். நோட்டு அட்டை கிழிந்து, காப்பிக் கறையோடு இருந்தது. "வாசிக்கிறியா?" என்றேன். பேசாத பிள்ளை, ஆடு முதல் யானை வரை கணீர் என்று சொன்னாள். ஒரு சொல் தப்பில்லை. ஆனால் கண் நோட்டில் இல்லை, என் முகத்தில் இருந்தது. பக்கத்தை மாற்றித் திறந்து "மயில்" என்ற சொல்லை மட்டும் காட்டினேன். பேச்சு நின்றுவிட்டது. படத்தை மூடியிருந்தேன், அவளுக்கு அது வெறும் கோடு.

இந்த இடத்தில் பெரிய புத்தகத்தைக் குறை சொல்கிறவர்களின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். படத்தைப் பார்த்து ஊகிப்பதும் கேட்டதைத் திருப்பிச் சொல்வதும் வாசிப்பு ஆகாது, எழுத்தையும் ஒலியையும் முறையாகச் சொல்லித்தர வேண்டும் என்பார்கள். இங்கிலாந்தில் 1998இல் இந்தப் பெரிய புத்தகங்களைத் தொடக்கப் பள்ளி எங்கும் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் எழுத்தொலிப் பயிற்சிக்கே முதலிடம் என்று மாற்றினார்கள். வாதம் நியாயம்தான். நமக்கு 247 எழுத்து. 19 சொல் உள்ள ஒரு புத்தகம் அவற்றையெல்லாம் கற்றுத்தராது. எழுத்துப் பாடம் தனியாக நடந்தே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளை இரண்டு மாதம் மலையில் இருந்துவிட்டு வந்து மூலையில் ஒடுங்காமல் கணீர் என்று நின்றாளே, அது வெறும் எழுத்துப் பாடத்தால் வந்திருக்காது. கதை முழுவதும் அவள் மனதில் இருந்தது. எழுத்தை அதோடு பொருத்துவதுதான் பாக்கி.

அதற்கு ஒரு நோட்டும் கத்திரியும் போதுமாக இருந்தது. "மயில் வந்தது" என்று ஒரு தாளில் எழுதி, அவளையே வாயால் சொல்லச் சொல்லி, அவள் கண்ணெதிரே இரண்டாக வெட்டினேன். "இதுல மயில் எது?" முதல் துண்டைக் கொடுத்தாள், முதலில் சொல்வது முதலில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. துண்டுகளைக் கலைத்துப் போட்டேன். தடுமாறினாள். பெரிய புத்தகத்தின் மேல் வைத்துப் பொருத்திப் பார்க்கச் சொன்னேன். அடுத்த நாள் "மாடு வந்தது", அதையும் வெட்டி நான்கு துண்டு. "வந்தது" இரண்டும் ஒன்று போலவே இருப்பதை அவளே கண்டுபிடித்தாள். பிறகு "மாடு", "மயில்" இரண்டையும் பக்கத்தில் வைத்து, எங்கே ஒன்று, எங்கே வேறு என்று கேட்டேன். அதன்பின் "மா-டு" என்று சொல்லையே எழுத்தாக வெட்டினோம். "மா"வை எடுத்துவிட்டு "ஆ" வைத்தால் ஆடு. "ஓ" வைத்தால் ஓடு. அந்த "ஓடு" வந்ததும் அவள் சிரித்த சிரிப்பு, யானைப் பக்கத்துச் சிரிப்பு. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. மூன்று வாரம் ஆயிற்று.

மாசியில் ஒரு சாயங்காலம் அவள் அம்மா கடைத்தெருவில் என்னை நிறுத்தினார். மாட்டுத் தீவனக் கடை வாசலில் இருந்த சிலேட்டைப் பார்த்து, "அம்மா, தவிடு" என்று மகள் சொன்னாளாம். "அதுல படம்கூட இல்ல டீச்சர்" என்றார். எனக்கு வேண்டியதும் அதுதான். படம் இல்லாத இடத்தில், கதை இல்லாத இடத்தில், அந்தச் சொல்லை அவள் எழுத்திலிருந்தே எடுத்திருக்கிறாள். அடுத்த கார்த்திகையிலும் அவர்கள் மலைக்குப் போனார்கள். அந்த முறை பாட்டியைக் கூட வரவழைத்துச் சின்னவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மகளை அத்தை வீட்டில் விட்டுப் போனார்கள், பள்ளிக்கு வந்தாள்.

பிறகு செயல்வழிக் கற்றல் வந்தது. ஏணிப்படி, அட்டைகள் என்று வகுப்பறை மாறியது. 2022இலிருந்து எண்ணும் எழுத்தும் நடக்கிறது. என் புத்தகம் பல வருஷம் உழைத்து, யானைப் பக்கம் முதலில் கிழிந்தது. எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பக்கத்தைத்தானே புரட்டினார்கள்!

பேரப்பிள்ளைக்குச் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் ஒரு பிள்ளைதான் என்பதால் அவ்வளவு பெரிய தாள் வேண்டாம், காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். என் கதையையே எழுத வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிற ஏழு ஜீவன்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் உருபு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வினை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கடைசிப் பக்கத்தில் மட்டும் வழக்கத்தை உடையுங்கள். நாலு நாள் கழித்துப் பிள்ளை கடகடவென்று ஒப்பித்தால் சந்தோஷப்படுங்கள். அன்றைக்கே படத்தை மூடிவிட்டு, நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டிக் கேட்டும் பாருங்கள். சொல்லாவிட்டால் கவலை வேண்டாம், கத்திரியை எடுங்கள்.

யார் யார் வீட்டு வாசலுக்கு என்னென்ன வருகிறது என்று எழுதுங்கள். பண்ணைக்காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குக் காட்டுமாடு கட்டாயம் இருக்கும் என்று நினைக்கிறேன்.